மாக் 3 காற்றுச் சுரங்கம்: இரண்டாவது தொண்டை எதைக் குறைக்கிறது, எதைக் குறைக்காது

மீயொலிக் காற்றுச் சுரங்கம் கட்ட நினைக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காற்றை வேகப்படுத்தும் குழலான நாசிலுக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான். நாசிலுக்குள் நுழையும் காற்றின் மொத்த அழுத்தத்தை, அதாவது ஓட்டத்தை இழப்பில்லாமல் நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தத்தை, p0 என்றும், கடைசியில் காற்று வெளியேறும் இடத்தின் அழுத்தத்தை pe என்றும் வைத்துக்கொள்வோம். சுரங்கம் ஓடுமா ஓடாதா என்பது p0/pe என்ற விகிதத்தைப் பொறுத்தது. சோதனைப் பகுதியில் மாக் எண் எவ்வளவு, அதாவது காற்று ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகத்தில் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது நாசிலின் வடிவம். அங்கே மீயொலி ஓட்டம் பிறக்குமா என்பதை இந்த விகிதம் தீர்மானிக்கிறது.

மாக் 3 சுரங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சோதனைப் பகுதிக்குப் பின்னால் என்ன வைக்கலாம் என்று பார்ப்போம். நாசிலின் மிகக் குறுகிய இடம்தான் முதல் தொண்டை. சோதனைப் பகுதியின் பரப்பு அதன் பரப்பைப் போல 4.235 மடங்கு. எண்கள் எல்லாம் உராய்வில்லாத கணக்கில் வந்தவை. உண்மையான சுரங்கம் எப்போதும் இவற்றைவிடக் கூடுதலாகவே கேட்கும், அதை அப்புறம் பார்க்கலாம்.

முதல் வழி, பின்னால் ஒன்றுமே வைக்காமல் காற்றை நேராக வெளியே பாய விடுவது. மாக் 3 ஓட்டத்தின் நிலை அழுத்தம், அதாவது ஓடும் காற்று சுவரில் காட்டும் அழுத்தம், p0-இல் 36.7-இல் ஒரு பங்குதான். அது வெளி அழுத்தத்தோடு பொருந்த வேண்டுமானால் விகிதம் 36.7 ஆக வேண்டும். வெளியே 1 பார் இருந்தால் உள்ளே கிட்டத்தட்ட 37 பார். சிறிய ஆய்வகத்துக்கு இது கட்டுப்படியாகாது.

இரண்டாவது வழியில் சோதனைப் பகுதியை அதே பரப்புள்ள குழாயாக நீட்டி, அதன் வாயில் ஒரு செங்குத்து அதிர்ச்சி அலை, அதாவது அழுத்தம் திடீரென ஏறும் ஒரு மெல்லிய எல்லை, நிற்க விடுகிறோம். மாக் 3-இல் அந்த அலையைத் தாண்டும்போது நிலை அழுத்தம் 10.33 மடங்காகிறது. அதனால் தேவையான விகிதம் 36.7-ஐ 10.33-ஆல் வகுத்தது, அதாவது 3.55. ஒரு அதிர்ச்சி அலையே அழுத்தத்தை மீட்டுக் கொடுக்கும் கருவியாக வேலை செய்கிறது. அலை என்றாலே இழப்பு என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கும்.

மூன்றாவது வழி, அந்த அலைக்குப் பின்னால் மெதுவாக விரியும் டிஃப்யூசர் ஒன்றைச் சேர்ப்பது. அலையைத் தாண்டிய காற்று ஒலியைவிட மெதுவாக ஓடுகிறது. டிஃப்யூசர் அதன் வேகத்தையும் அழுத்தமாக மாற்றிக்கொடுக்கும். அப்போது நாம் இழப்பது அலையில் போன மொத்த அழுத்தம் மட்டுமே. மாக் 3-இல் அலைக்குப் பின் மொத்த அழுத்தத்தில் 32.8 சதவீதம் மிஞ்சும், ஆகவே விகிதம் 3.05. சோதனைப் பகுதிக்கு அப்பால் பாதையைக் குறுக்கி அமைக்கும் இரண்டாவது தொண்டையை இந்த மூன்றாவது வழியோடுதான் ஒப்பிட வேண்டும், 36.7-ஓடு ஒப்பிட்டால் எதையும் சிறப்பாகக் காட்டிவிடலாம்.

இரண்டாவது தொண்டையின் அடிப்படை எளிமையானது. அதிர்ச்சி அலையின் இழப்பு அது நிற்கும் இடத்தின் மாக் எண்ணைப் பொறுத்தது. மாக் 3-இல் நின்றால் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. மாக் 1.5-இல் நின்றால் 7 சதவீதம்தான் போகிறது. எனவே சோதனைப் பகுதிக்கு அப்பால் பாதையைக் குறுக்கி, மீயொலி ஓட்டத்தையே முதலில் மெதுவாக்கி, குறைந்த மாக் எண்ணில் அலையை நிற்கச் செய்தால் இழப்பு குறையும். மீயொலி ஓட்டம் குறுகும் பாதையில் வேகம் குறையும் என்பதால் இது நடக்கிறது.

அப்படியானால் தொண்டையை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கலாமே என்று தோன்றும். தடை, தொடக்கத்தில் இருக்கிறது. வால்வைத் திறந்து p0 ஏறும்போது அதிர்ச்சி அலை முதலில் நாசிலுக்குள் பிறந்து, மெல்ல நகர்ந்து சோதனைப் பகுதியை நோக்கி வருகிறது. அது சோதனைப் பகுதியின் வாசலை எட்டும்போது மாக் 3-ஐச் சந்திக்கிறது, இழப்பும் அப்போதுதான் உச்சம். அந்த நொடியில் முதல் தொண்டை வழியாக வரும் காற்று அத்தனையும் இரண்டாவது தொண்டை வழியாகப் போயாக வேண்டும். ஒரு தொண்டை அதிகபட்சமாக விடக்கூடிய காற்று, அங்குள்ள மொத்த அழுத்தம் பெருக்கல் பரப்பு என்ற அளவைப் பொறுத்தது. அலையைத் தாண்டிய காற்றின் மொத்த அழுத்தம் 3.05-இல் ஒரு பங்காகிவிட்டதால், இரண்டாவது தொண்டையின் பரப்பு முதல் தொண்டையைப் போல 3.05 மடங்காவது இருக்க வேண்டும். சோதனைப் பகுதியோடு ஒப்பிட்டால் 72 சதவீதம். மீயொலி நுழைவாய்களுக்கு இதே எல்லையை 1945-இல் ஆர்தர் கான்ட்ரோவிட்ஸும் கோல்மன் டொனால்ட்சனும் வகுத்தார்கள்.

3.05 என்ற எண் அழுத்த விகிதமாகவும் பரப்பு விகிதமாகவும் இரண்டு இடத்தில் வருவது தற்செயல் அல்ல. இரண்டுமே ஒரே அதிர்ச்சி அலையின் இழப்பைச் சொல்கின்றன.

சரி, 3.05 மடங்கு பரப்போடு தொண்டையை வைத்து, p0-ஐ 3.05 பாருக்கு ஏற்றுகிறோம். அலை சோதனைப் பகுதியின் வாசலை எட்டியதும் அதற்கு மேல் நிற்க இடமில்லை. குறுகும் பாதையில் அதிர்ச்சி அலை நிலையாக நிற்காது என்பதால் சோதனைப் பகுதியையும் தொண்டையையும் ஒரே தாவலில் கடந்து, அப்பால் விரியும் பகுதிக்குப் போய் நிற்கிறது. சுரங்கம் தொடங்கிவிட்டது. ஆனால் இந்தக் கணத்தில் தொண்டை நமக்கு எதையும் மிச்சப்படுத்தவில்லை. அழுத்த விகிதம் இன்னும் 3.05 என்றால், இழப்பும் 3.05 ஆக வேண்டும்; அதற்காக அலை, விரியும் பகுதியில் ஓட்டம் மறுபடி மாக் 3 ஆகும் இடத்தைத் தேடிப் போய் நிற்கும்.

லாபம், அதற்குப் பிறகு p0-ஐக் குறைக்கும்போது வருகிறது. குறைக்கக் குறைக்க அலை தொண்டையை நோக்கிப் பின்வாங்கும். தொண்டையில் மாக் எண் சுமார் 2.65. அலை அங்கே வந்து நிற்கும்போது தேவையான விகிதம் 2.27. அதற்குக் கீழே இறங்கினால் அலை தொண்டையைத் தாண்டி முன்னால் பாய்ந்து, சோதனைப் பகுதியைக் கடந்து நாசிலுக்குள் போய்விடும். சோதனைக்கு வைத்த மாதிரியையும் அதன் மீதான விசையை அளக்கும் தராசையும் ஒரே அடியில் உலுக்கிவிட்டுத்தான் போகும். ஆகவே தொடங்க 3.05, ஓட்ட 2.27. நிலையான இரண்டாவது தொண்டை ஓட்டச் செலவைக் குறைக்கிறது; தொடக்கத் தேவையைத் துளியும் குறைப்பதில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு கம்ப்ரஸர் வாங்கினால் சுரங்கம் ஒருநாளும் தொடங்காது.

தொடர்ந்து சுற்றி ஓடும் சுரங்கத்தில் இந்த வித்தியாசம் கரண்டு பில்லில் தெரியும். p0 மாறாமல் இருந்தால் ஓடும் காற்றின் அளவும் மாறாது. அதை 3.05 மடங்குக்கு அழுத்துவதற்குப் பதில் 2.27 மடங்குக்கு அழுத்தினால், இலட்சியக் கணக்கில் வேலை ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. தொட்டியிலிருந்து ஊதும் சுரங்கத்தில் லாபம் ஓட்ட நேரமாக வரும். 15 செ.மீ. சதுரச் சோதனைப் பகுதி, 300 கெல்வின் காற்று என்றால், 3.05 பாரில் நொடிக்கு 3.8 கிலோ போகும், 2.27 பாரில் 2.8 கிலோ. தொட்டியிலிருந்து 255 கிலோ எடுக்க முடிந்தால் 67 நொடி, 90 நொடியாகிறது. குறைந்த p0-இல், உராய்வின் பங்கைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணும் குறையும் என்பதை மறக்கக் கூடாது. உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்தான் தேவை என்றால் இந்த 23 நொடி உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்த போட்டியாளர், பரப்பை மாற்றக்கூடிய தொண்டை. அகலமாகத் திறந்து வைத்துத் தொடங்கி, அலை தாண்டியதும் சுவர்களை நெருக்கிவிடலாம். முதல் தொண்டையைப் போல 2 மடங்கு வரை நெருக்கினால் அங்கே மாக் எண் 2.2, தேவையான விகிதம் 1.59. தாளில் இன்னும் நெருக்கி 1 வரைகூடப் போகலாம். நடைமுறையில் போக முடியாது. குறுகும் சுவர்களில் சாய்ந்த அதிர்ச்சி அலைகள் பிறக்கும். சுவரை ஒட்டி மெதுவாக ஓடும் காற்றான எல்லைப் படலம் அவற்றைத் தாங்காமல் பிரிந்துவிடும். ஓட்டம் ஒரேயடியாக அறுந்துவிடும். அப்புறம் நகரும் சுவர்களும், அவற்றின் ஓரங்களில் காற்று கசியாமல் அடைப்பதும் தனிப் பெரிய வேலை.

எல்லைப் படலம் நிலையான தொண்டையையும் விடாது. உண்மையில் ஒற்றைச் செங்குத்து அலை நிற்பதில்லை. பல அலைகள் வரிசையாக, குழாயின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு நீளம் வரை பரந்து நிற்கும். அந்த வரிசைக்கு இடம் கொடுக்காமல் தொண்டையைக் கத்தி முனைபோலக் குறுக்கி உடனே விரித்துவிட்டால் எதிர்பார்த்த மீட்பு கிடைக்காது. தொண்டையைச் சமப்பரப்புள்ள நீண்ட குழாயாக அமைப்பதே நல்லது. பரப்பையும் 3.05-ஐவிடக் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.

தாராளமாக விடாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதனைப் பகுதிச் சுவரில் உள்ள ஒரே ஒரு அழுத்தமானி காட்டிக்கொடுத்துவிடும். தொண்டை 2.7 மடங்குதான் என்று வைத்துக்கொள்வோம். p0-ஐ 4 பாருக்கு ஏற்றினால் மானி 1.3 பார் காட்டுகிறது. தொடங்கியிருந்தால் 0.11 பார் காட்ட வேண்டும். அழுத்தம் போதவில்லை என்று நினைத்து 6 பாருக்கு ஏற்றினால் மானி 2 பாரைத் தொடுகிறது. p0-ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் 0.33. இரண்டு தொண்டைகளும் அடைத்துக்கொண்டதால் அலையின் இடத்தை இனிப் பரப்புகளின் விகிதம் மட்டுமே முடிவு செய்கிறது. எத்தனை பார் ஏற்றினாலும் அலை நகராது. p0 ஏறும்போது இந்த விகிதம் மாறாமல் நின்றால் குற்றவாளி தொண்டையோ மாதிரியோதான். p0 ஏற ஏற விகிதம் இறங்கிக்கொண்டே வந்தால் அழுத்தம் மட்டும்தான் குறைவு, இன்னும் ஏற்றலாம்.

எதைத் தேர்வது? மாக் 1.5 வரை மூன்றாவது வழியே போதும். அங்கே தேவையான விகிதம் 1.08, மிச்சப்படுத்த ஒன்றுமில்லை. மாக் 2-இல் நிலையான தொண்டை 1.39-ஐ 1.20 ஆக்கும், மாக் 4-இல் 7.2-ஐ 5.0 ஆக்கும். ஒரே மாக் எண்ணில் ஓடும் சுரங்கத்துக்கு என் தேர்வு நீண்ட நிலையான தொண்டை. நாசிலை மாற்றி மாற்றிப் பல மாக் எண்களில் ஓட்டுகிறவர்களுக்கு மாற்றக்கூடிய தொண்டை வேண்டும். ஏனென்றால் மாக் 3-க்கு அமைத்த 72 சதவீதத் தொண்டை மாக் 2-க்குச் சரிப்படாது. அங்கே சோதனைப் பகுதியில் 82 சதவீதமாவது திறந்திருந்தால்தான் தொடங்கும்.

மாதிரியை நிறுத்தும்போதும் இதே கணக்குதான். சோதனைப் பகுதியில் மாதிரி அடைக்கும் இடமும் ஒரு தொண்டையே. மாக் 3-இல் கணக்குப்படி 28 சதவீதம் அடைக்கலாம் என்று வரும். மாதிரியின் பின்னோட்ட இழப்பையும் எல்லைப் படலத்தையும் சேர்த்தால் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. வெறும் சுரங்கம் தொடங்குகிறது, மாதிரி வைத்தால் தொடங்கவில்லை என்றால் p0-ஐத் தொடுவதற்கு முன் மாதிரியின் குறுக்குப் பரப்பை அளந்து பாருங்கள்.