மேஜர் என்.சிக்கு கேப்பா எழுதறது: 8டி ஃபார்மட்டோட பல வருஷ அனுபவம்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு மெஷினிங் ஷாப்ல குவாலிட்டில இருக்கேன், கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் போடற இடம். கஸ்டமர் ஆடிட்ல என்.சி, அதாவது விதிப்படி இல்லாத குறை வந்தா, அதை சரி பண்ணி திரும்ப வராம தடுக்கறதுக்கான கேப்பா ரிப்போர்ட்டை அவங்களோட எட்டு ஸ்டெப் 8டி எக்செல் ஷீட்லதான் எழுதணும், அதை பல வருஷமா யூஸ் பண்றேன். ஃபார்மட் நல்லதுதான், ஆனா அதை நம்மாளுங்க நிரப்பற விதத்துல பாதி ரிப்போர்ட் திரும்பி வந்துரும். எந்த இடத்துல திரும்புதுன்னு ஒரு கேஸை வெச்சு சொல்றேன்.

பார்ட் ஒரு அலுமினிய பம்ப் ஹவுசிங், ஆறு ஹோல். ட்ரில்லிங் முடிஞ்சு அடுத்த ஸ்டேஷன்ல ஆறு பின் கீழ இறங்கும், ஹோல் இருந்தா பின் உள்ள போகும், ப்ராக்ஸிமிட்டி சென்சார் ஆன் ஆகும், ஒரு ஹோல் மிஸ்ஸானாலும் சைக்கிள் ஸ்டார்ட் ஆகக்கூடாது, அதுதான் போகா யோகே. ஆடிட்டர் வந்து ரெட் ரேபிட் எடுத்துட்டு வாங்கன்னார் (வேணும்னே ஒரு ஹோல் போடாம வெச்சிருக்கற மாஸ்டர் பீஸ்). லோடு பண்ணி பட்டனை அமுக்கினா மெஷின் பாட்டுக்கு ஓடுது. பேனலைத் திறந்தா ஒரு சென்சார் இன்புட்ல ஜம்பர் ஒயர், சென்சாரை பைபாஸ் பண்ணி சிக்னலை ஆன்லயே வெக்கறதுக்கு. செக் ஷீட்ல மட்டும் ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ரெட் ரேபிட் ஓகேன்னு டிக். மேஜர் என்.சி, ஆடிட் ஃபெயில்.

முதல் வாக்குவாதம் சந்தேகமான ஸ்டாக்கை பிடிச்சு நிறுத்தற கன்டெய்ன்மென்ட்லயே ஆரம்பிச்சிரும். "கஸ்டமர்கிட்ட ஒரு பீஸும் ரிஜெக்ட் ஆகலையே, எதுக்கு ஸ்டாக்கை எல்லாம் சார்ட் பண்ணணும்"னு புரொடக்ஷன்ல கேப்பாங்க. கம்ப்ளைன்ட்ல தப்பான பீஸ் கைல இருக்கும், ஆடிட் என்.சில கன்ட்ரோல்தான் செத்திருக்கு, பீஸ் நல்லதா கெட்டதான்னு நாமதான் நிரூபிக்கணும். சரி, எந்த தேதில இருந்து சந்தேகம்? ஜம்பர் போட்டதுக்கு பிரேக்டவுன் ரெஜிஸ்டர்ல என்ட்ரியே இல்ல, செக் ஷீட்டை இனி நம்பவும் முடியாது. கை கொடுத்தது மெஷினோட அலாரம் ஹிஸ்டரி. ரெட் ரேபிட்டை நிஜமாவே போட்டிருந்தா ஹோல் மிஸ்ஸிங் அலாரம் தேதி நேரத்தோட பதிவாகியிருக்கும், கடைசியா அந்த அலாரம் எந்த ஷிஃப்ட் ஆரம்பத்துல வந்துச்சோ அதுவரைக்கும்தான் போகா யோகே வேலை செஞ்சதுக்கு ஆதாரம். அதுக்கப்புறம் ஓடின மொத்தமும் சந்தேகத்துக்குரியது. லைன்ல இருக்கறது, முடிஞ்ச பார்ட் வெக்கற எஃப்.ஜி ஸ்டோர், வண்டில போயிட்டு இருக்கறது, கஸ்டமர் வேர்ஹவுஸ், அவங்க அசெம்பிளி லைன் பக்கத்துல இருக்கறது எல்லாத்தையும் பின் கேஜ் போட்டு பாத்து பச்சை பெயின்ட் டாட் வெச்சோம். ஒரு பீஸும் தப்பு இல்ல, நிம்மதி, ஆனா அதுக்காக என்.சி க்ளோஸ் ஆகாது.

அடுத்தது ரூட் காஸ். எங்க ப்ளான்ட்ல முதல் டிராஃப்ட் வழக்கம் போல "ஆபரேட்டர் அலட்சியம், ட்ரெய்னிங் கொடுக்கப்பட்டது", அட்டென்டன்ஸ் ஷீட் போட்டோவோட. கஸ்டமரோட சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர், எஸ்.க்யூ.இ, ஒரு வரில திருப்பி அனுப்பிட்டார், ஆபரேட்டருக்கு ஜம்பர் போடத் தெரியுமான்னு கேட்டு. நியாயமான கேள்விங்க.

என் அனுபவத்துல, ஏன் ஏன்னு கேட்டுட்டே போற ஒய்-ஒய்யை ரெண்டு செயினா பிரிச்சாதான் உருப்படும், ஏன் நடந்துச்சுன்னு ஒண்ணு, நடந்தது ஏன் நம்ம கண்ணுல படலன்னு ஒண்ணு. முதல் செயின்: ஜம்பர் ஏன் போட்டாங்க? நல்ல பீஸுக்கும் அலாரம் அடிச்சு நைட் ஷிஃப்ட்ல மெஷின் நின்னுட்டே இருந்துச்சு. ஏன் அடிச்சுது? பின் முழுசா இறங்கல. ஏன் இறங்கல? கூலன்ட்டோட வர்ற அலுமினிய சிப் கைட் புஷ்ல அடைச்சுக்குது, புஷ்ல வைப்பரும் கிடையாது ஏர் ப்ளோவும் கிடையாது. இதை பேப்பர்ல எழுதினா மட்டும் பத்தாது, புஷ்ல சிப்பை வேணும்னே போட்டு அதே ஃபால்ஸ் அலாரம் வருதா, க்ளீன் பண்ணா போகுதான்னு ரெண்டையும் காட்டினோம், ரூட் காஸ் உறுதியாச்சுன்னு அப்பதான் ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டாவது செயின்லதான் சுவாரசியமே. டெஸ்ட் பண்ணாம ஏன் டிக் அடிச்சாங்க? ரெட் ரேபிட் குவாலிட்டி ரூம் பீரோல பூட்டி இருக்கு. ஷிஃப்ட் ஆரம்பிக்கறது காலைல 6 மணி, சாவி வெச்சிருக்கறவர் ஜெனரல் ஷிஃப்ட், வர்றது எட்டரைக்கு. அதுவரைக்கும் மெஷினை நிறுத்த எவன் விடுவான்? மாஸ்டர் பீஸ் தொலைஞ்சிரக்கூடாதுன்னு பூட்டி வெச்சதே டெஸ்ட்டை நடக்கவிடாம பண்ணிருச்சு. இதை "அலட்சியம்"னு முடிச்சிருந்தா அந்த சாவி இன்னும் அதே பீரோலதான் தொங்கிட்டு இருக்கும்.

ஆக்ஷன் என்னன்னா, புஷ்ல வைப்பர், பின் இறங்கறதுக்கு முன்னாடி ஏர் ப்ளோ. மெஷினை கன்ட்ரோல் பண்ற பி.எல்.சி லாஜிக்கையும் மாத்தினோம், இது எனக்கு ரொம்ப பிடிச்சது. பின் மேல இருக்கறப்ப சென்சார் ஆஃப்ல இருக்கணும், இறங்கினப்புறம் ஆன் ஆகணும், ஒவ்வொரு சைக்கிள்லயும் ரெண்டையும் பாக்கும். ஜம்பர் போட்டா சிக்னல் எப்பவுமே ஆன்லயே நிக்கும், பின் மேல இருக்கறப்பவே மெஷின் மாட்டிக் கொடுத்துரும். ரெட் ரேபிட்டை சிவப்பு பெயின்ட் அடிச்சு நம்பர் போட்டு மெஷின் பக்கத்துலயே தனி ஹோல்டர்ல வெச்சாச்சு. ஷிஃப்ட் மாறினதும் அதை போட்டு ரிஜெக்ட் ஆனாதான் ப்ரொடக்ஷன் மோடே வரும், டிக் அடிக்கற வேலை இல்ல.

இன்னொண்ணு, கார் இன்டஸ்ட்ரியோட குவாலிட்டி ஸ்டாண்டர்டான ஐஏடிஎஃப் 16949ல 8.5.6.1.1ன்னு ஒரு பிரிவு இருக்கு, மெயின் கன்ட்ரோல் வேலை செய்யலைன்னா மாத்து வழி என்னன்னு முன்னாடியே லிஸ்ட் போட்டு வெச்சிருக்கணும்னு. நைட்ல சென்சார் போச்சுன்னா என்ன பண்றதுன்னு எங்ககிட்ட எழுதியே வைக்கல, மெயின்டனன்ஸ்காரர் தனக்குத் தெரிஞ்ச வழிய பண்ணிட்டார். இப்ப சென்சார் ஃபெயிலானா நூறு சதவீதம் பின் கேஜ் செக்கிங், ஓடினதுக்கு தனி லேபிள், ஷிஃப்ட் இன்சார்ஜ் கையெழுத்து, தினமும் ரிவ்யூ, சரி பண்ணி திரும்ப ஆரம்பிக்கறப்ப வெரிஃபிகேஷன்னு கன்ட்ரோல் ப்ளான்லயே இருக்கு. ப்ராசஸ்ல எங்க என்ன தப்பாகலாம்னு அலசற பி.எஃப்.எம்.இ.ஏவையும் மாத்தணும், பழைய ரிவிஷனையே அட்டாச் பண்ணி மாட்டறவங்கதான் அதிகம்.

ஃபார்மட்ல எனக்குப் பிடிக்காதது ப்ரிவென்டிவ் ஆக்ஷன் கட்டம்தான். ஐஎஸ்ஓ 9001ல 2015 எடிஷன்லயே ப்ரிவென்டிவ் ஆக்ஷன்னு தனி பிரிவை எடுத்துட்டாங்க, ஷீட்ல மட்டும் கட்டம் அப்படியே இருக்கு, நிறைய பேர் கரெக்டிவ்ல எழுதினதையே வார்த்தை மாத்தி அங்க எழுதறாங்க. நான் அதை மத்த மெஷின்களுக்கு யூஸ் பண்றேன். ப்ளான்ட்ல இருக்கற எல்லா போகா யோகேயையும் லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணுலயும் ஃபெயில் பீஸ் போட்டு பாத்தோம், வேற லைன்ல ஒரு லிமிட் ஸ்விட்சை கேபிள் டை போட்டு கட்டி வெச்சிருந்தது சிக்குச்சு. ரிப்போர்ட்ல இது வேண்டாமேன்னு மேல இருந்து சொன்னாங்க, நான் போடலாம்னுதான் நின்னேன், எஸ்.க்யூ.இ அதைப் பாத்துட்டு கேள்வியே கேக்கல.

எஃபெக்டிவ்னஸ் கட்டத்துல "ரிப்பீட் இல்ல"ன்னு எழுதி க்ளோஸ் பண்றது இன்னொரு வியாதி. இந்த மாதிரி கேஸ்ல பீஸ் ரிஜெக்ட் ஆகாததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஜம்பர் இருந்தப்பவும் பீஸ் ரிஜெக்ட் ஆகலையே. நாங்க மூணு மாசத்துக்கு அலாரம் ஹிஸ்டரியையும் ஷிஃப்ட் ரெக்கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ரிஜெக்ட் அலாரம் இருக்கான்னு காட்டினோம், ஃபால்ஸ் அலாரம் எவ்வளவு குறைஞ்சுதுன்னும் கூடவே, ஏன்னா அது திரும்ப ஏறுச்சுன்னா இன்னொரு ஜம்பர் வரப்போகுதுன்னு அர்த்தம். அதை இப்பவும் மெயின்டனன்ஸ் மீட்டிங்ல வாராவாரம் பாக்கறோம், வைப்பர் தேஞ்சா முதல்ல அங்கதான் தெரியுது.