மூன்று கிரியேட்டின் டப்பாக்கள்: லேபிளைத் திருப்பிப் படித்தபோது

எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று பேர், தசை வலுவுக்காக எடுக்கும் பொடியான கிரியேட்டினை மூன்று விதமாக வாங்கி வந்திருந்தார்கள். எது லாபம் என்று வாக்குவாதம் வந்தது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பின்பக்கத்தைப் படித்துக் கணக்குப் போட்டோம். நிறுவனப் பெயர்கள் இங்கே தேவையில்லை. இதே மூன்று வகையைத்தான் எந்தக் கடையிலும் பார்ப்பீர்கள்.

முதலாவது, சுவை சேர்க்காத கிரியேட்டின் மோனோஹைட்ரேட், 250 கிராம், 700 ரூபாய். இரண்டாவது, ஆரஞ்சு சுவையில் அதே மோனோஹைட்ரேட், 300 கிராம், 900 ரூபாய். மூன்றாவது, கிரியேட்டின் ஹைட்ரோகுளோரைடு, 100 கிராம், அதுவும் 900 ரூபாய். 'நூறு வேளைக்கு வரும்' என்று அதன் முகப்பில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

கண்ணை ஏமாற்றுவது அந்த 'வேளை'தான். சர்விங் சைஸ் என்பது நிறுவனம் தானே முடிவு செய்து எழுதும் அளவு. ஆரஞ்சு டப்பாவில் ஒரு சர்விங் 5 கிராம். ஆனால் ஊட்டச்சத்துப் பட்டியலில் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 3 கிராம் என்றிருந்தது. மீதி 2 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரின், சிட்ரிக் அமிலம், செயற்கை இனிப்பு. ஆக 300 கிராம் டப்பாவில் கிரியேட்டின் 180 கிராம்தான்.

ஹைட்ரோகுளோரைடின் கணக்கு இன்னும் சுவையானது. அதன் சர்விங் 1 கிராம். மோனோஹைட்ரேட்டில் எடைக்கு 88 சதவீதம் கிரியேட்டின், மீதி அதோடு ஒட்டியிருக்கும் நீர். ஹைட்ரோகுளோரைடில் ஏறத்தாழ 78 சதவீதம்தான். 3 கிராம் மோனோஹைட்ரேட் தரும் 2.64 கிராம் கிரியேட்டினை இதில் பெற 3.4 கிராம் போட வேண்டும். நூறு வேளை என்றது முப்பது நாளில் தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 3 கிராம் மோனோஹைட்ரேட்டுக்கு ஈடான செலவு: முதல் டப்பாவில் சுமார் 8 ரூபாய், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 30.

'இது நன்றாகக் கரையும், அதனால் குறைவாகப் போதும்' என்பது மூன்றாவது டப்பாவின் வாதம். கரைவது உண்மை. ஆனால் மோனோஹைட்ரேட்டே குடலில் ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. டம்ளரில் அழகாகக் கரைவதற்காக ஏறத்தாழ நான்கு மடங்கு விலை கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த 88 சதவீதத்தால் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு லேபிள் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 3 கிராம்' என்கிறது, இன்னொன்று 'கிரியேட்டின் 2.64 கிராம்' என்கிறது. இரண்டும் ஒன்றுதான். சிறிய எண்ணைப் பார்த்து அந்த டப்பாவை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆரஞ்சு டப்பாவின் உபயோக முறையில், முதல் ஏழு நாள் தினம் நான்கு வேளை எடுக்கச் சொல்லியிருந்தது. அறுபது வேளையில் இருபத்தெட்டு ஒரே வாரத்தில் காலி. தசையைச் சீக்கிரம் நிரப்ப இந்த 'லோடிங்' உதவும் என்பது சரி. ஆனால் தினம் 3 கிராம் எடுத்தாலும் நான்கு வாரத்தில் அதே நிலைக்கு வந்துவிடலாம், வயிற்றுப் போக்கும் உப்புசமும் குறையும். அவசரம் இருப்பது விற்பவருக்குத்தான்.

கூடவே வரும் கரண்டியையும் நம்ப வேண்டாம். நகை நிறுக்கும் சிறு தராசில் முதல் டப்பாவின் கரண்டியை வைத்துப் பார்த்தேன். தலை தட்டினால் 3 கிராம், குவித்தால் நாலரையைத் தாண்டியது.

இனி தூய்மை. மூன்று டப்பாவிலும் '99.9 சதவீதம் தூய்மை' என்றிருந்தது, ஆரஞ்சு டப்பாவிலும்கூட! அது மூலப்பொருளைப் பற்றிய எண், டப்பாவுக்குள் இருக்கும் கலவையைப் பற்றியது அல்ல. 'பார்மா கிரேடு' என்பது விளம்பரச் சொல். உணவு லேபிளில் அந்தச் சொல் எதையும் உறுதி செய்வதில்லை. FSSAI உரிம எண் இருக்க வேண்டும், சரி. ஆனால் அது நிறுவனத்துக்கான உரிமம், உங்கள் கையிலுள்ள பொடிக்கான சோதனை முடிவு அல்ல.

பார்க்க வேண்டியது அந்தத் தொகுப்புக்கான பகுப்பாய்வுச் சான்றிதழ். டப்பாவின் அடியில் உள்ள பேட்ச் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கிரியேட்டினைச் சார்கோசினேட்டையும் சயனமைடையும் சேர்த்துத்தான் ஆலையில் தயாரிக்கிறார்கள். தயாரிப்பு சரியாக இல்லாவிட்டால் டைசயன்டயமைடு, டைஹைட்ரோட்ரையசின், கிரியேட்டினின் ஆகியவை மிஞ்சும். இந்த மூன்றின் அளவும் ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்களின் அளவும் இல்லாத சான்றிதழால் பெரிய பயனில்லை. முதல் டப்பாவின் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த பேட்சின் சான்றிதழ் வந்தது. மற்ற இரண்டு நிறுவனங்களும் பொதுவான விளம்பரத் தாளை அனுப்பின. போட்டிகளில் கலந்துகொள்பவர், தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரப்படும் Informed Sport அல்லது NSF Certified for Sport முத்திரை உள்ளதை வாங்கி, பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் சரிபார்ப்பது நல்லது. கிரியேட்டின் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால் அதில் வேறெதுவும் கலந்திருந்தால் மாட்டிக்கொள்பவர் விளையாட்டு வீரர்தான்.

டம்ளரின் அடியில் மணல்போலப் படிந்தால் கலப்படம் என்று பயப்படுபவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. சாதாரண நீரில் லிட்டருக்கு 13 கிராம் அளவில்தான் மோனோஹைட்ரேட் கரையும். அரை டம்ளர் குளிர்ந்த நீரில் 5 கிராம் 'சுவையற்ற மோனோஹைட்ரேட்' சர்க்கரைபோல உடனே மறைந்து இனித்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மைக்ரோனைஸ்டு என்றால் பொடி நைசானது என்று மட்டுமே பொருள். தூய்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலையும் சான்றிதழும் முதல் டப்பாவின் பக்கம்தான். ஆனால் அதையும் எல்லோரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மாட்டேன். சிறுநீரக நோய் உள்ளவர், ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவர், நெடுநாள் சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ உள்ளவர் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை அடிக்கடி விழுங்குபவரும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவரும் அப்படியே. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், பைபோலார் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் ஆகியோரும் கேட்ட பிறகே தொட வேண்டும்.

நலமாக இருப்பவரும் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கூடத்துத் தம்பி ஒருவருக்கு வயது 34. வேலைக்குச் சேர எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3 வந்தது, போன வருடம் 1.1. அதை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன் 90இலிருந்து 74க்கு இறங்கியிருந்தது. 'அண்ணா, கிட்னி போய்விட்டதா?' என்று இரவு பத்து மணிக்கு அழைத்தார். கிரியேட்டின் உடலில் கிரியேட்டினினாகத்தான் சிதைகிறது. பொடி எடுத்தால் சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே இந்த எண் சற்று ஏறலாம். முந்தைய நாள் கடுமையாகப் பயிற்சி செய்ததும், நிறைய இறைச்சி சாப்பிட்டதும் சேர்ந்துகொள்ளும். ஆனால் காரணம் பொடிதான் என்று நாமே தீர்மானித்துவிட முடியாது, உண்மையான நோயும் இதே எண்ணைத்தான் காட்டும். மறுநாள் அவர் டப்பாவையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். தினம் எத்தனை கிராம், எப்போதிலிருந்து என்று மருத்துவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பொடியையும் பயிற்சியையும் நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை, கூடவே தசையின் அளவைப் பெரிதாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற சிறுநீரக ரத்தச் சோதனை, சிறுநீரில் புரதச் சோதனை. மூன்றும் சரியாக இருந்தன. 'தினம் எத்தனை கிராம்' என்ற கேள்விக்கு மட்டும் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கரண்டியைக் குவித்துப் போட்டு வந்திருக்கிறார்.