கோச்சியில் டிக்கெட் நம்பர் கேட்கும் ஃப்ரீ வைஃபை: வாட்ஸ்அப் பறிபோன விதம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவுக் கோச்சியில் போகிறவர்கள், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து ஏறுகிறவர்கள், இதை ஒருமுறை வாசித்துவிட்டு ஏறுங்கள். டிக்கெட் நம்பரை அடித்தால் வைஃபை கிடைக்கும் என்று ஃபோனில் ஒரு பக்கம் வருகிறது. அதை நம்பிய ஒரு ஆசிரியையின் வாட்ஸ்அப், வாழைச்சேனையில் கோச்சி நின்ற அந்தச் சில நிமிடத்துக்குள் கையை விட்டுப் போனது.

நடந்தது இதுதான். ஏறாவூர் தாண்டியதும் ஃபோனின் வைஃபைப் பட்டியலில் `Train_Free_WiFi` என்று பூட்டுப் படம் இல்லாத ஒரு பெயர் தெரிந்திருக்கிறது. அதைத் தொட்டதும் தானாகவே ஒரு பக்கம் திறந்தது. மேலே கோச்சிப் படம். கீழே மூன்று பெட்டி: டிக்கெட் நம்பர், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் நம்பர். மூன்றையும் நிரப்பியதும், "உங்கள் ஃபோனுக்கு ஆறு இலக்கக் கோட் வரும், அதை இங்கே அடியுங்கள்" என்று அடுத்த பக்கம். வாழைச்சேனையில் கோச்சி நிற்க எஸ்எம்எஸ் வந்தது. அவசரத்தில் இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்துவிட்டார். "கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபை வரவேயில்லை.

அந்த எஸ்எம்எஸ் வைஃபைக்கு வந்ததல்ல, வாட்ஸ்அப் அனுப்பியது. அவர் ஃபோன் நம்பரை அடித்த உடனேயே, வெளியில் எங்கோ இருந்த இன்னொருவன் அதே நம்பரைத் தன் ஃபோனில் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறான். வாட்ஸ்அப் வழக்கம்போல உரியவருக்குக் கோட் அனுப்பியது. உரியவர் அதைத் தானே அடித்துக் கொடுத்தார். டிக்கெட் நம்பர் கேட்டது வெறும் வேஷம். டிக்கெட்டைக் கையில் எடுத்து நம்பரைப் பார்த்துப் பார்த்து அடிக்கும்போது, இது ரயில்வே காரியம் என்ற நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்குப் பிறகு பூணானைக் காடு. சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் வாட்ஸ்அப் வெளியேறிவிட்டது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. பொலன்னறுவையில் சாதாரண அழைப்பில் சுவிஸிலிருந்து அண்ணன்: "என்ன புள்ள, அவசரமா காசு கேட்டிருக்காய், எங்க நிக்கிறாய்?" பழைய உரையாடல்கள் திருடனுக்குக் கிடைக்காது, அவை அவருடைய ஃபோனில்தான் இருக்கும். ஆனால் அவர் இருக்கும் குரூப்புகள் கிடைக்கும். குடும்பக் குரூப்பைத் திறந்தால் யார் யார் வெளிநாட்டு நம்பர் என்று ஒரே பார்வையில் தெரியும். அண்ணன் முதலில் அழைத்துக் கேட்டதால் காசு தப்பியது.

இப்படியான பக்கத்தைக் காட்டப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. தீப்பெட்டி அளவு வைஃபை சர்க்கிட் போர்டு ஒன்றும் ஒரு பவர்பேங்கும் பையில் இருந்தால் போதும், ரயில் பெட்டி முழுக்கப் பெயர் தெரியும். ஃபோன் ஹொட்ஸ்பொட்டுக்கும் இதே பெயரை வைக்கலாம். வைஃபையின் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், பெயர் எதற்கும் சாட்சியில்லை. ஃபோனில் அந்த வைஃபையின் விவரத்தைத் திறந்து கேட்வே முகவரியை, அதாவது வைஃபையைத் தரும் சாதனத்தின் முகவரியைப் பாருங்கள். `192.168.4.1` என்றிருந்தால் பெரும்பாலும் அந்தச் சின்னப் போர்டு. `172.20.10.1` என்றால் ஐஃபோன் ஹொட்ஸ்பொட். `192.168.43.1` பழைய அண்ட்ரொய்ட் ஹொட்ஸ்பொட். முகவரியை மாற்றி வைக்கவும் முடியும், ஆகவே இந்த மூன்றில் ஒன்று வந்தால் விலகுங்கள், வராததால் நல்லது என்று எடுக்காதீர்கள்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது: வேண்டுமென்றே பிழையான டிக்கெட் நம்பரை அடித்துப் பாருங்கள். வெளிநாட்டுக் கப்பல்களிலும் நீண்டதூர ரயில்களிலும் டிக்கெட் கேட்டு வைஃபை கொடுக்கும் இடங்களில், நீங்கள் அடிக்கும் கோட் அன்றைய பயணிகள் பட்டியலோடு ஒத்துப்பார்க்கப்படும். பிழையென்றால் உள்ளே விடாது. ஓ எழுத்துக்குப் பதில் பூச்சியம் அடித்தாலே மறுக்கும். எதை அடித்தாலும் அடுத்த பக்கத்துக்குப் போகிறது என்றால், அந்தப் பக்கத்துக்குப் பின்னால் எந்தப் பட்டியலும் இல்லை. சில மோசடிப் பக்கங்கள் முதல் தடவை எதை அடித்தாலும் "பிழை" என்று நடிக்கும், அதனால் இரண்டு மூன்று வெவ்வேறு பிழை நம்பர் கொடுத்துப் பாருங்கள்.

கோட் கேட்பதாலேயே மோசடி என்றும் சொல்ல முடியாது. இந்திய ரயில் நிலையங்களின் இலவச வைஃபையும் ஃபோனுக்குக் கோட் அனுப்பித்தான் உள்ளே விடுகிறது. பார்க்க வேண்டியது, வந்த எஸ்எம்எஸ் யாருடையது என்பதை. வாட்ஸ்அப் கோட் என்றால் அந்தச் செய்தியிலேயே WhatsApp என்று இருக்கும், வங்கி என்றால் வங்கிப் பெயர். மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் இலக்கத்தை மட்டும் வாசித்து அடிக்காமல், செய்தியைத் திறந்து முழுதாக வாசியுங்கள். ஆசிரியை தவறியது இந்த ஒரு இடத்தில்தான்.

அடையாள அட்டை இலக்கத்தை எந்த வைஃபைக்கும் கொடுக்காதீர்கள். புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த ஒரு எண்ணிலிருந்தே பிறந்த திகதி வெளியே வந்துவிடுகிறது. கப்பல்களில் அறை நம்பரும் பிறந்த திகதியும் கொடுத்து வைஃபை திறக்கும் முறை இருக்கிறது. அங்கே கட்டணம் அந்த அறையின் கணக்கில் ஏறும், வேறொருவர் பாவித்தாலும் பில் உங்களுக்குத்தான். கப்பல் டிக்கெட்டைப் படமெடுத்து முகநூலில் போடுகிறவர்களை என்ன சொல்வது என்று தெரியவில்லை. பதிவுக் கோடும் குடும்பப் பெயரும் இருந்தாலே பல நிறுவனங்களில் அந்தப் பதிவையே திறக்கலாம்.

கோட்டை அடித்துவிட்டீர்கள் என்றால், முதலில் அந்த வைஃபையை மறக்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஃபோன் அதே பெயரைக் கண்டால் தானாகத் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். பிறகு சொந்த டேட்டாவில் வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போட்டுப் புதுக் கோட் வாங்குங்கள். அதை அடித்த கணமே திருடன் வெளியே போய்விடுவான். அவன் அதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான PIN நம்பர் வைத்திருந்தால், அது தெரியாமல் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் பொறுக்க வேண்டும். ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. கோட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வாட்ஸ்அப் காத்திருக்கச் சொல்லும், ஆகவே சிக்னல் நன்றாக இருக்கும் நிலையத்தில் ஒருமுறை கேளுங்கள். காட்டுக்குள் கேட்டு எஸ்எம்எஸ் வராமல் விட்டால் அந்த வாய்ப்பு வீண்.

உள்ளே வந்ததும் இணைக்கப்பட்ட சாதனங்கள் பகுதியில் தெரியாத எதையும் வெளியேற்றுங்கள். அதற்கு முன்பே, சிக்னல் இருக்கும்போது, குடும்பத்தில் ஒருவரைச் சாதாரண அழைப்பில் பிடித்து, "காசு கேட்டு வந்தது நானில்லை" என்று குரூப்பில் போடச் சொல்லுங்கள். யாராவது காசு போட்டுவிட்டிருந்தால் வங்கிக்கு உடனே அறிவித்துவிட்டு, போட்ட கணக்கு இலக்கத்தோடும் எஸ்எம்எஸ் வந்த நேரத்தோடும் பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். அந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள்.

அந்த இரண்டடுக்கு PIN நம்பரைப் பயணத்துக்கு முன்பே நீங்களே வைத்திருந்தால், ஆறு இலக்கக் கோட் போனாலும் திருடனால் உள்ளே வர முடியாது. வாட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு, அதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. மட்டக்களப்பு நிலையத்தில் கோச்சி புறப்படக் காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும்.