ப்ளூ ஸ்கிரீன் வந்தால் முதலில் ரேமைச் சோதியுங்கள், நான் 9,200 ரூபாய் விட்டுவிட்டேன்

வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். என் கம்ப்யூட்டரில் போன மாதம் ப்ளூ ஸ்கிரீன் வர ஆரம்பித்தது. ஒருநாள் `MEMORY_MANAGEMENT`, இன்னொரு நாள் `PAGE_FAULT_IN_NONPAGED_AREA`. பக்கத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ரேம் ரெண்டையும் செக் பண்ணிட்டேன் சார், நல்லா இருக்கு. போர்டுதான் போச்சு" என்றார் கடைக்காரர். ரேமைப் பற்றி நான் கேட்கும் முன்பே அவராகச் சொன்னதால் நம்பிவிட்டேன். புது மதர்போர்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 9,200 ரூபாய் கொடுத்தேன்.

மூன்றாம் நாளே அதே ப்ளூ ஸ்கிரீன். போன் செய்தால் "விண்டோஸ் பிரச்சினை, ஃபார்மட் பண்ணுங்க" என்றார். அதையும் செய்தேன். அடுத்து "வீட்டு கரண்ட் சரியில்ல சார்". அப்புறம் போனையே எடுக்கவில்லை. நேரில் போய்ப் பழைய போர்டைக் கேட்டால், ஸ்கிராப்பில் போட்டாயிற்றாம்.

சனிக்கிழமை நானே உட்கார்ந்தேன். ரேமைச் சோதிக்கும் Memtest86+ இலவசம்தான். அதைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸுக்குள் போகாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்தேன். அதற்கு முன் பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் XMP அமைப்பை அணைத்துவிட்டேன். அந்த வேகத்தில் ஓடும்போது நல்ல ரேம் ஸ்டிக்கே பிழை காட்டலாம். இரண்டு 8 ஜிபி ஸ்டிக்கும் இருந்தபோது இருபது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வந்துவிட்டன.

ஆனால் எது கெட்டது, ஸ்டிக்கா ஸ்லாட்டா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து ஓட்டினேன். முழுச் சுற்றும் பிழையே இல்லை. அதே ஸ்லாட்டில் இரண்டாவது ஸ்டிக்கை வைத்தேன், பிழைகள் கொட்டின. அதையே வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினேன், அங்கேயும் பிழை. நல்ல ஸ்டிக்கை அந்த ஸ்லாட்டில் வைத்தால் சுத்தம். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்ததால் கெட்டது அந்த ஸ்டிக்தான். எந்த ஸ்டிக்கை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்திருந்தால் போர்டையோ பிராசசரையோ சந்தேகப்பட்டிருக்கலாம். இந்தச் சோதனையை அவர் ஒரு தடவை செய்திருந்தால் என் 9,200 ரூபாய் போயிருக்காது!

இப்போது ஒற்றை ஸ்டிக்கில் ஓடுகிறது, ப்ளூ ஸ்கிரீன் இல்லை.

அவசரமாகச் சில விஷயங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். ஒரு சுற்று சுத்தமாக வந்ததும் நிறுத்தாதீர்கள், இரவு முழுக்க ஓட விடுங்கள்; சில ஸ்டிக் சூடேறிய பிறகுதான் தப்பு செய்யும். கடைக்காரர் "செக் பண்ணிட்டேன்" என்றால் அந்தத் திரையின் போட்டோவைக் கேளுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.