வேரில் உருண்டை: நூற்புழு முடிச்சா, தழைச்சத்து முண்டா?

காய்ப்பு ஓய்ந்த செடியைத் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுவதா, வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவதா? பயறு வகைகளுக்கு முதல் வழி, தக்காளிக்கும் வெண்டைக்கும் இரண்டாவது வழி என்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். இரண்டின் வேரிலும் உருண்டைகள் தென்படலாம். ஒன்று மண்ணுக்கு வரவு, மற்றது அடுத்த பயிருக்கு வைத்துவிட்டுப் போகும் கடன்.

எளிதான பகுதியை முதலில் முடித்துவிடலாம். காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர் வேர் முண்டு உண்டாக்குவது அநேகமாகப் பயறுக் குடும்பச் செடிகளில்தான். தக்காளி, வெண்டை, கத்தரி, மிளகாய், பூசணி எதுவும் அந்தக் கூட்டணியில் கிடையாது. ஆகவே பிடுங்கிய தக்காளி வேர் முழுக்க வீங்கிக் கிடந்தால் ‘இயற்கையாகவே தழைச்சத்து சேர்ந்திருக்கிறது’ என்று மகிழ இடமில்லை. அது வேருக்குள் புகுந்து உறிஞ்சி வாழும் வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

குழப்பம் தொடங்குவது தட்டைப்பயறு, அவரை, பாசிப்பயறு போன்றவற்றில். ஏனென்றால் அவற்றின் வேரில் இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியும். தட்டைப்பயறு தழைச்சத்து சேர்க்கும் செடி என்பது எவ்வளவு உண்மையோ, இந்த நூற்புழுவுக்கு அது நல்ல விருந்து என்பதும் அவ்வளவு உண்மை. தக்காளியில் முடிச்சு கண்ட பாத்தியில் ‘மண் தேறட்டும்’ என்று உடனே தட்டைப்பயறு விதைப்பவர்கள், புழுவுக்கு அடுத்த வேளைச் சோற்றையும் பரிமாறிவிடுகிறார்கள்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? நிறம், வடிவம், அளவு என்று பல அடையாளங்கள் சொல்வார்கள். நான் நம்புவது ஒன்றைத்தான்: கட்டைவிரலால் தேய்த்தால் உதிர்கிறதா, இல்லையா.

அதற்குக் காரணம் இரண்டும் உருவாகும் விதம். ரைசோபியம் வேர்த்தூவி வழியாக நுழைந்து வேரின் வெளிப்புறத் திசுவைப் பக்கவாட்டில் வளர வைக்கிறது. முண்டு வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தனி உறுப்பு, பிடிப்பு கொஞ்சம்தான். நூற்புழுவின் குஞ்சோ வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து, நடுவிலிருக்கும் நீர்க்குழாய்ப் பகுதிவரை போய் அங்கேயே தலையைப் பதித்துவிடுகிறது. அது உறிஞ்சும் இடத்துச் செல்கள் பல மடங்கு பருத்துவிடுகின்றன, சுற்றியுள்ள திசுவும் சேர்ந்து வீங்குகிறது. அதாவது முடிச்சு என்பது வேரே பருத்த நிலை. அதைத் தனியாகக் கழற்ற முடியாது. இழுத்தால் வேர்தான் அறும். தண்ணீர் போகும் பாதையே உருக்குலைந்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் அந்தச் செடி உச்சி வெயிலில் துவளுகிறது. மாலையில் நிமிரும், மறுநாள் மறுபடி துவளும்.

சோதனை சரியாக வர, செடியைத் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மெல்லிய வேர்களும் முண்டுகளும் மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது மொட்டை வேர். சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அலசவும். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் முண்டுகள் அப்போதே உதிர்ந்துவிடும், பிறகு தேய்த்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. வேர் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஒரு தட்டைப்பயறு வேரை எடுத்துக்கொள்வோம். பூக்கும் பருவத்தில் தோண்டியது. பக்க வேர்களில் உருண்டைகள் நிறைய. முதலில் விரலால் தேய்த்து, உதிர்வதையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். உதிர்ந்ததில் ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தழைச்சத்து சேர்க்கும் வேலை நடக்கிறது என்று அதற்குப் பொருள். இப்போது வேரில் மிஞ்சியிருப்பதைப் பாருங்கள். வேர் ஒரு பக்கமாக மட்டும் புடைக்காமல் சுற்றிலும் பருத்து, மறுபக்கம் மெலிந்து தொடர்ந்தால் அது முடிச்சு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பிளேடால் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கலாம். குண்டூசித் தலையைவிடச் சிறிய, பளபளப்பான வெள்ளை உருண்டைதான் பெண் புழு. முடிச்சின் மேல் பழுப்பான பசைத் துளி ஒட்டியிருந்தால் அது முட்டைக் குவியல். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும்.

தக்காளியில் முடிச்சுகள் ஆரம்பத்தில் நூலில் மணி கோத்தாற்போல வரிசையாக இருக்கும். முற்றியபின் ஒன்றோடொன்று சேர்ந்து, வேர் கோணல்மாணலாகத் தடித்துவிடும். வெண்டை வேரும் இதே போலத்தான் கெடும்; பிடுங்கிய பிறகு இது எந்தச் செடியின் வேர் என்றே சந்தேகம் வரும் அளவுக்கு.

நிறத்தை நான் இரண்டாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இளம் முண்டு உள்ளே வெள்ளையாக இருக்கும், காய் முற்றும்போது பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து உரம் மிகுந்திருந்தாலும் முண்டு சரியாக வளராது. சிவப்பு இல்லை என்பதற்காக அதைப் புழு முடிச்சு என்று சொல்லிவிட முடியாது. விரல் சோதனைக்கும் எல்லை உண்டுதான். நிலக்கடலையில் முண்டுகள் பக்க வேர் கிளைக்கும் இடத்தில் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். அங்கே விரலை மட்டும் நம்பாமல் பிளந்தும் பார்ப்பேன். நிலக்கடலையில் என் பழக்கமும் கொஞ்சம்தான்.

இனி வேரை என்ன செய்வது? முண்டு மட்டும் உள்ள பயறுச் செடியைத் தரைமட்டத்தில் வெட்டி, வேரை விட்டுவிடலாம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், சேர்த்த தழைச்சத்தில் பெரும்பங்கு விதையோடு போய்விடுகிறது. முடிச்சு உள்ள வேரையோ ஒரு துண்டு விடாமல் எடுக்க வேண்டும், பயறாக இருந்தாலும். வெயிலில் நன்றாகக் காய வைத்து எரித்துவிடலாம். சூடேறாத மக்குக் குழியில் போட்டால் முட்டைகள் பிழைத்து, எருவோடு தோட்டம் முழுக்கப் போகும். வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய ஒரு மாதம் போதும் என்பதால், ஒரு தக்காளிப் போகத்திலேயே புழு பலமுறை பெருகிவிடுகிறது.

அந்தப் பாத்தியில் அடுத்து எதை வைக்கலாம் என்றால், நான் துலுக்கச் சாமந்தி பக்கம். ஓரத்தில் நாலு செடி நட்டால் பலன் தெரியாது. பாத்தி முழுக்க நெருக்கமாக விதைத்து இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். இடையில் முளைக்கும் மணத்தக்காளியையும் கீரை வகைக் களைகளையும் விட்டுவைக்கக் கூடாது, புழு அவற்றிலும் வளரும்.

மறுபடி தக்காளி நடும் முன் மண்ணைச் சோதிக்கத் தொட்டி ஒன்று போதும். பாத்தியின் ஐந்தாறு இடங்களில், ஒரு சாண் ஆழத்திலிருந்து மண் எடுத்துக் கலந்து, அதில் தக்காளி நாற்று நடவும். எதிர்ப்புத் திறன் இல்லாத சாதாரண ரகமாக இருக்கட்டும். வெதுவெதுப்பான பருவத்தில் ஐந்தாறு வாரம் வளர்த்து, வேரை அலசிப் பார்த்தால் முடிச்சு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே மூலையில் மண் எடுத்தால் மட்டும் ஏமாற்றிவிடும். இந்தப் புழு நிலத்தில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்.