எதிர்ச்சொல்லுக்கு 'அன்', 'இன்', 'டிஸ்', 'நான்': எதை எங்கே ஒட்டுவது?

ஆங்கிலப் பெயரடைப் பட்டியல் ஒன்றுக்கு எதிர்ச்சொல் எழுத வேண்டும் என்றால் என் முதல் தேர்வு 'அன்'தான். மற்ற மூன்றும் ஏதாவது ஒரு காரணம் இருந்தால்தான் உள்ளே வர வேண்டும். ஹேப்பி, ஃபேர், கைண்ட் போன்ற அன்றாடச் சொற்களுக்கு யோசிக்கவே வேண்டாம்.

குழப்பமெல்லாம் 'அன்', 'இன்' இரண்டுக்கும் நடுவில்தான். பலர் சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆர் எழுத்தில் தொடங்கினால் 'இர்', எல் என்றால் 'இல்', பி அல்லது எம் என்றால் 'இம்' என்பது பள்ளிப் பாடம். ஆனால் அது 'இன்' வரும் என்று தெரிந்த பிறகு அதன் வடிவத்தை மாற்றும் விதி மட்டுமே. 'இன்' வருமா என்பதை அது சொல்லாது. அதனால்தான் ரெஸ்பான்சிபிள் 'இர்ரெஸ்பான்சிபிள்' ஆனதைப் பார்த்து, ரிலையபிளையும் 'இர்ரிலையபிள்' என்று எழுதிவிடுகிறார்கள். சரியான சொல் 'அன்ரிலையபிள்'. லீகலுக்கு 'இல்லீகல்', லாஃபுலுக்கு 'அன்லாஃபுல்'. முதலெழுத்து ஒன்றுதான், முன்னொட்டு வேறு.

பார்க்க வேண்டியது சொல்லின் வாலை. இடி, ஐஎன்ஜி, எஃப்யுஎல் என்று முடிந்தால் பெரும்பாலும் 'அன்'. ஒரே வினையிலிருந்து வந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: டிசைடட் 'அன்டிசைடட்' ஆகிறது, டிசைசிவ் 'இன்டிசைசிவ்' ஆகிறது. வேர் மாறவில்லை, வால் மாறியதும் முன்னொட்டும் மாறிவிட்டது.

ஏபிஎல்இ, ஐபிஎல்இ வால்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும், எழுத்தைப் பாருங்கள். ஐ இருந்தால் பெரும்பாலும் 'இன்' குடும்பம்: இன்விசிபிள், இம்பாசிபிள், இல்லெஜிபிள். ஏ இருந்தால் வாலை வெட்டிப் பாருங்கள். ரீடபிளில் 'ரீட்' என்ற முழு வினை மிஞ்சுகிறது, எனவே 'அன்ரீடபிள்'. கேப்பபிளில் அந்தப் பொருளுக்குரிய வினை எதுவும் மிஞ்சவில்லை, எனவே 'இன்கேப்பபிள்'. இந்தச் சோதனை பல இடங்களில் கைகொடுக்கும், எல்லா இடத்திலும் அல்ல. 'க்யூர்' என்ற வினை இருந்தும் 'இன்க்யூரபிள்' என்கிறோம், 'எக்ஸ்க்யூஸ்' இருந்தும் வரும் 'இன்எக்ஸ்க்யூசபிள்' இன்னொன்று. இவற்றை அகராதியில் பார்த்துவிடுவதே நல்லது.

'டிஸ்' சிறிய கூட்டம்: ஆனஸ்ட், லாயல், ஒபீடியண்ட் போன்றவை. அதை 'அன்'னுக்கு மாற்றாகப் போட்டால் பொருள் புரண்டுவிடும். 'அன்ஆர்கனைஸ்டு' என்றால் சங்கமாகவோ நிறுவனமாகவோ திரளாதது. அமைப்புசாராத் தொழிலாளர் என்கிறோமே, அது. 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்றால் ஒழுங்கு குலைந்தது.

'நான்' வகைப்படுத்த மட்டும், குறை சொல்லாது. 'நான்-அமெரிக்கன்' என்றால் அமெரிக்காவைச் சேராதது. 'அன்-அமெரிக்கன்' என்றால் அமெரிக்கப் பண்புக்கே விரோதமானது. 1938இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழு அமைத்தபோது பெயரில் வைத்தது இந்த இரண்டாவது சொல்லைத்தான். முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள்: 'அன்' தாங்கும், 'நான்' பொதுவாகத் தாங்காது.

பெயரடையைச் சரியாக எழுதிவிட்டு அதைப் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது மறுபடி கவனியுங்கள். 'அன்ஈக்வல்' என்பதன் பெயர்ச்சொல் 'இன்ஈக்வாலிட்டி', 'அன்ஏபிள்' என்பதற்கு 'இன்எபிலிட்டி', 'அன்ஸ்டேபிள்' என்பதற்கு 'இன்ஸ்டெபிலிட்டி'.