கடல்நீர் ஆலையா, வீட்டு ஆர்.ஓ. கருவியா: ஒரு லிட்டருக்கு எவ்வளவு மின்சாரம்?

கடல்நீரைக் குடிநீராக்குவதென்றால் மின்சாரம் கொள்ளை போகும் என்றும், சமையலறைச் சுவரில் தொங்கும் ஆர்.ஓ. கருவி ஒரு சிறு விளக்களவே மின்சாரம் எடுக்கும் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. சென்னையில் நெம்மேலி கடல்நீர் ஆலையின் நீர் வரும் பகுதியில் குடியிருக்கும் என் மைத்துனருக்கும், பல்லடம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி வீடு கட்டி ஆர்.ஓ. கருவியைத் தேர்ந்தெடுத்த எனக்கும் இதைப் பற்றி வாக்குவாதம் வந்தபோது, லிட்டர் கணக்கில் எழுதிப் பார்த்தோம். என் சாய்வு வீட்டுக் கருவியின் பக்கம்தான்; ஆனால் அதற்கு நான் முதலில் நினைத்திருந்த காரணம் கணக்கில் நிற்கவில்லை.

கணக்கை எளிதாக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் எண்ணும், ஒரு லிட்டருக்கு இத்தனை வாட்-மணி என்ற எண்ணும் ஒன்றுதான். ஆகவே கீழே எல்லாமே லிட்டருக்கு வாட்-மணியில் இருக்கும்.

இன்றைய நல்ல கடல்நீர் ஆலை ஒன்று, கடலிலிருந்து நீரை இழுப்பது முதல் வடிகட்டுவது, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வில் தள்ளுவது, ஊருக்கு அனுப்புவது வரை எல்லாம் சேர்த்து லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 வாட்-மணி எடுக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் சவ்வின் முன்னால் 60 பார் அளவுக்கு அழுத்தம் கொடுத்தாக வேண்டும். ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டரை லிட்டர் கடல்நீரை அந்த அழுத்தத்துக்கு ஏற்றினால், அந்த வேலை மட்டுமே 4 வாட்-மணியைத் தாண்டும். பம்பின் இழப்பையும் சேர்த்தால் 5 ஆகும். ஆனால் சவ்வைத் தாண்டாமல் வெளியேறும் ஒன்றரை லிட்டர் உப்புநீரிலும் அந்த அழுத்தம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அழுத்தப் பரிமாற்றி என்ற கருவியில், சுழலும் பீங்கான் உருளையின் துளைகளுக்குள் அந்த உப்புநீர் புதிதாக வரும் கடல்நீரை நேரடியாகத் தள்ளி, தன்னிடமுள்ள ஆற்றலில் 95 சதவீதம் அளவுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறுகிறது. இதனால்தான் சவ்வுப் பகுதியின் செலவு 5-லிருந்து 2-ஐ ஒட்டி இறங்குகிறது. மிச்சம் ஒன்று, ஒன்றரை வாட்-மணி நீரை இழுக்கவும் முன்வடிகட்டவும் ஊருக்கு அனுப்பவும் போகிறது. பாதிக் கடல்நீரை நன்னீராக்க இயற்கை விதிப்படியே குறைந்தது 1 வாட்-மணி வேண்டும் என்பதால், இதற்கு மேல் பெரிதாகக் குறைக்கவும் இடமில்லை.

இப்போது வீட்டுக் கருவிக்கு வருவோம். எங்கள் கிணற்று நீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பு, லிட்டருக்கு 1400 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கடல்நீரின் உப்பில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. செருகி அளக்கும் மின்மீட்டரில் கருவி ஓடும்போது 45 வாட் காட்டியது. பம்பு, புற ஊதா விளக்கு, அடாப்டரின் இழப்பு எல்லாம் அதில் அடக்கம். ஒரு லிட்டர் நிரம்ப ஐந்து நிமிடம் ஆகிறது. அப்படியானால் லிட்டருக்கு 3.75 வாட்-மணி. கடல்நீர் ஆலையின் கணக்கோடு தோளுக்குத் தோள் நிற்கிறது!

உப்பு இருபத்தைந்தில் ஒரு பங்கு, மின்செலவு மட்டும் ஏன் சமம்? சவ்வு இங்கே கேட்பது மிகக் கொஞ்சம்தான். நான்கு லிட்டர் நீரை 5 பார் அழுத்தத்துக்கு ஏற்றி அதில் ஒரு லிட்டரை நன்னீராக எடுக்க, வேலை அளவில் அரை வாட்-மணிக்குச் சற்று மேல் போதும். மீதியெல்லாம் வழியில் போய்விடுகிறது. கைக்குள் அடங்கும் டயஃப்ரம் பம்பும் அதை ஓட்டும் 24 வோல்ட் மோட்டாரும் வாங்கும் மின்சாரத்தில் சிறு பகுதியையே நீரழுத்தமாக்குகின்றன. ஆலையின் பெரிய பம்பு எண்பது சதவீதத்துக்கு மேல் மாற்றிவிடும். அடுத்து, வெளியேறும் மூன்று லிட்டர் கழிவுநீரின் அழுத்தத்தை மீட்க வீட்டில் எந்த ஏற்பாடும் இல்லை. கழிவுக் குழாயில் செருகியிருக்கும் கட்டுப்படுத்தி என்ற சிறு பிளாஸ்டிக் துண்டு அந்த அழுத்தத்தை வீணாக்குவதற்கென்றே இருக்கிறது. அது இல்லாவிட்டால் சவ்வின் முன்னால் அழுத்தம் நிற்காது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பெரிய ஆர்.ஓ. வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு உடனே விளங்கும்.

இதுவரை கணக்கு சமன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு முடிவைத் தீர்மானிப்பது சுவரில் தொங்கும் கருவி அன்று; அதற்கு நீர் வந்து சேரும் வழி. கடல்நீர் ஆலையின் 3.5 வாட்-மணியில் நீரை இழுக்கும் செலவும் அடங்கியிருக்கிறது. வீட்டுக் கருவியின் 3.75-இல் அது இல்லை. கொங்கு நாட்டின் பாறை நிலத்தில் ஆயிரம் அடி போர் என்பது இன்று வியப்பான செய்தி அன்று. துளையின் ஆழம் வேறு, பம்பு ஓடும்போது நீர் நிற்கும் மட்டம் வேறு. நமக்கு வேண்டியது பின்னது. அது 600 அடி, அதாவது 180 மீட்டர் என்று கொள்வோம். ஒரு லிட்டரை அவ்வளவு தூக்க அரை வாட்-மணி போதும் என்றாலும், நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் குழாயின் உராய்வும் சேர்ந்து வாங்கும் மின்சாரத்தில் முப்பத்தைந்து, நாற்பது சதவீதமே நீரில் சேரும் என்பதால், தொட்டிக்கு வந்து சேரும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 1.3 வாட்-மணி ஆகிறது. ஒரு லிட்டர் குடிநீருக்கு நான்கு லிட்டர் மேலே வர வேண்டும். ஆகவே தூக்கும் செலவு 5.2. கருவியின் 3.75-ஐச் சேர்த்தால் 9 வாட்-மணி. கடல்நீரைப் போல இரண்டரை மடங்கு.

அந்த மூன்று லிட்டரைச் சாக்கடையில் விட்டால்தான் இந்த 9. கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பி, பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அந்த நீரைப் பயன்படுத்தினால், எப்படியும் தொட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டிய நீர்தான் அது. குடிநீரின் கணக்கில் அதன் தூக்குகூலியை ஏற்றக் கூடாது. அப்போது மொத்தம் 5-க்கு வந்துவிடும். நான்கு லிட்டரின் உப்பும் மூன்று லிட்டரில் சேர்வதால் எங்கள் வாளியில் டி.டி.எஸ். 1800-ஐத் தாண்டுகிறது, கழுவுவதற்கு அது போதும், பூந்தொட்டிக்கு ஊற்றுவதில்லை.

ஐந்து என்றாலும் மூன்றரையைவிடக் கூடத்தானே, பிறகு ஏன் வீட்டுக் கருவியின் பக்கம் சாய்கிறாய் என்று மைத்துனர் கேட்டார். லிட்டர் கணக்கை விட்டு வீட்டுக் கணக்குக்கு வந்தால் காரணம் தெரியும். நான்கு பேருக்கு, தலைக்கு 135 லிட்டர் என்ற நகர வழங்கல் அளவில், நாளொன்றுக்கு 540 லிட்டர் வேண்டும். முழுவதும் கடல்நீர் ஆலையிலிருந்து வந்தால் 1890 வாட்-மணி, அதாவது கழிவறையில் ஊற்றும் நீருக்கும் உப்பு நீக்கப்படுகிறது. எங்கள் வீட்டில் 540 லிட்டரைத் தூக்க 700 வாட்-மணி. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய 20 லிட்டரை மட்டும் சுத்திகரிக்க 75. இரண்டும் சேர்ந்து 800-ஐத் தொடவில்லை. மேலும் சென்னையில் ஆலை கடற்கரையில் இருக்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கடல்நீர் ஆலையின் நீர் இங்கு வர வேண்டுமானால் ஏற்றத்துக்கு மட்டுமே, பம்பின் இழப்போடு, லிட்டருக்கு ஒன்றரை வாட்-மணி கூடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாயின் உராய்வு அதற்கும் மேல், குழாயின் விட்டத்தைப் பொறுத்து மாறும்.

என் சாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. நீர்மட்டம் 1500 அடிக்கு இறங்கிவிட்டால், வீட்டுக்கு வரும் ஒவ்வொரு லிட்டரையும் தூக்கவே 3.3 வாட்-மணி ஆகும். அந்த ஆழத்தில் நல்ல நீரைத் தூக்குவதும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதும் ஏறக்குறைய ஒரே செலவு. தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த எண் நம் கண்ணில் படுவதில்லை.

பராமரிப்பும் இதே கணக்குக்குள்தான் வருகிறது. கருவி இழுக்கும் வாட் ஏறத்தாழ மாறாது. மாறுவது ஒரு லிட்டர் நிரம்பும் நேரம். எங்கள் நீரில் கடினத்தன்மை மிகுதி என்பதால் சுண்ணாம்புப் படிவு சவ்வில் மெல்ல ஏறும். ஐந்து நிமிடம் ஒன்பது நிமிடமானால், கருவியின் செலவே 6.75 ஆகிவிடும், கழிவுநீர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு லிட்டருக்கு மூன்றுக்குப் பதிலாக ஐந்தரை லிட்டர் வெளியேறும். வாளி வைக்காத வீட்டில் தூக்குகூலியும் சேர்ந்து லிட்டருக்கு 15 வாட்-மணிக்குப் போய்விடும். ஆகவே அளவுக் குவளையும் கைபேசிக் கடிகாரமும் கொண்டு, நன்னீர், கழிவுநீர் இரண்டையும் அவ்வப்போது அளந்து குறித்து வைப்பது நல்லது. நன்னீர் மட்டும் குறைந்து கழிவுநீர் மாறாமல் இருந்தால் கோளாறு சவ்வில். இரண்டும் சேர்ந்து குறைந்தால் முன்வடிகட்டி அடைத்திருக்கிறது, அல்லது பம்பு தளர்ந்திருக்கிறது. இருநூறு, முந்நூறு ரூபாய் வடிகட்டியை மாற்றிப் பார்க்காமல் சவ்வை மாற்றச் சம்மதிக்க வேண்டாம். கழிவுநீர் மட்டும் குறைவது மிச்சம் போலத் தோன்றினாலும், கட்டுப்படுத்தி அடைத்துக்கொண்டதன் அடையாளம் அது. உப்பு சவ்வின் மேல் தேங்கி, அதன் ஆயுளைத் தின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் நீர் குளிர்ந்திருப்பதால் எல்லாக் கருவியும் சற்று மெதுவாகத்தான் ஓடும்; அந்த மாதத்து அளவைச் சித்திரை மாதத்து அளவோடு ஒப்பிட வேண்டியதில்லை.

சிறுவாணி நீரோ பில்லூர் நீரோ முறையாக வரும் வீடுகளுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. டி.டி.எஸ். 500-க்குள் இருக்கும் நீரில் ஆர்.ஓ. நீக்க வேண்டிய உப்பு எதுவும் இல்லை. வடிகட்டியும் புற ஊதா விளக்கும் உள்ள கருவி அந்த நீரை லிட்டருக்கு அரை வாட்-மணிகூட எடுக்காமல், ஒரு சொட்டும் வெளியே விடாமல் கொடுத்துவிடும். கோவையில் அப்படி ஒரு வீட்டில் குடியிருந்தால் நானும் அதைத்தான் மாட்டியிருப்பேன்.